அடிப்பொருளும் மருந்தே: மருந்தாளுநர்களுக்கு ஒரு திறந்த மடல்



மருத்துவர் எழுதிக் கொடுத்த கிரீம் இருப்பில் இல்லாதபோது, அதே மருந்தின் பெயரும் அதே விழுக்காடும் அச்சிடப்பட்ட ஆயின்மென்ட்டை எடுத்துத் தருவது கடைகளில் அன்றாடம் நடக்கிறது. வாங்குபவரும் பெயர் ஒன்றாக இருப்பதைக் கண்டு மறுப்பின்றி வாங்கிச் செல்கிறார். ஒரு நிறுவனத்தின் மாத்திரைக்குப் பதிலாக அதே அளவுள்ள மற்றொரு நிறுவனத்தின் மாத்திரையைத் தருவதில் பெரும்பாலும் சிக்கல் எழுவதில்லை, ஏனெனில் மாத்திரை வயிற்றில் கரைந்து சிதைந்துவிடுகிறது, அதன்பின் மருந்தைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. தோலில் பூசப்படும் மருந்தோ தன்னைச் சுமந்து வந்த பொருளோடு சேர்ந்தே தோலின் மேல் மணிக்கணக்கில் தங்குகிறது. மருந்து எவ்வளவு வெளியே வரும், எவ்வளவு ஆழம் இறங்கும், பூசிய இடம் எரியுமா, ஆறுமா, ஊறிப்போகுமா என்பவற்றில் பெரும்பகுதியை முடிவு செய்வது அடிப்பொருள் எனப்படும் அந்தச் சுமக்கும் பொருளே. இதைப் பொதுவாகச் சொல்லிச் செல்வதைவிட, பீட்டாமெத்தசோன் டைப்ரோபியோனேட் என்னும் ஒரே ஸ்டீராய்டை எடுத்துக்கொண்டு விளக்குவது பயன் தரும் என்பதால், இம்மடல் பெரும்பாலும் அதனோடே நிற்கிறது.

இந்த மருந்து லோஷன், கிரீம், ஆயின்மென்ட் ஆகிய மூன்று வடிவங்களிலும் 0.05 விழுக்காடு என்ற ஒரே வலிமையில் விற்கப்படுகிறது. அதாவது எந்தக் குழாயைப் பிதுக்கினாலும் ஒரு கிராமில் அரை மில்லிகிராம் பீட்டாமெத்தசோனுக்கு ஈடான மருந்து இருக்கும். ஆயினும் பூசும் ஸ்டீராய்டுகளை மிக வலியதிலிருந்து மிக மெல்லியது வரை ஏழு வகுப்புகளாகப் பிரிக்கும் அமெரிக்கப் பட்டியலில், இதன் ஆயின்மென்ட் இரண்டாம் வகுப்பிலும், கிரீம் மூன்றாம் வகுப்பிலும், லோஷன் ஐந்தாம் வகுப்பிலும் இடம்பெறுகின்றன. அடிப்பொருளை மாற்றியமைத்து ஊடுருவும் திறன் கூட்டப்பட்ட ஆயின்மென்ட் ஒன்றும் உண்டு. அதிலும் மருந்து 0.05 விழுக்காடுதான் என்றாலும், அது முதல் வகுப்பில், மிக வலிய ஸ்டீராய்டுகளின் வரிசையில் நிற்கிறது. மொமெட்டசோன் 0.1 விழுக்காடும் இவ்வாறே ஆயின்மென்ட்டாக இரண்டாம் வகுப்பிலும் கிரீமாக நான்காம் வகுப்பிலும் வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த வரிசைப்படுத்தலுக்குப் பெரிதும் துணைநின்ற சோதனையை 1962-இல் மெக்கன்சி, ஸ்டோட்டன் என்னும் இருவர் வெளியிட்டனர். ஸ்டீராய்டு தோலுக்குள் போதிய அளவு இறங்கினால் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கி, அந்த இடம் வெளிறிப்போகும். நலமுள்ளவரின் முன்கையில் சிறுசிறு வட்டங்களாக மருந்தைப் பூசி, சில மணி நேரம் கழித்து வெளிறலின் அளவை மதிப்பிட்டால், எந்த வடிவம் மருந்தை உள்ளே கொண்டு சேர்த்தது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். குழாயில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதையன்றி, தோலுக்குள் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை இச்சோதனை காட்டுவதால்தான், ஒரே விழுக்காடு வெவ்வேறு வகுப்புகளில் விழுகிறது. அதே ஸ்டோட்டன் 1987-இல், நிறுவனப் பெயரோடு விற்கப்படும் ஸ்டீராய்டுகளையும் அவற்றின் பொதுப்பெயர் மாற்றுகளையும் இதே முறையில் ஒப்பிட்டு, மருந்தும் விழுக்காடும் வடிவமும் ஒன்றாக இருந்தும் சில மாற்றுகள் மூலத்தோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டினார். அடிப்பொருளின் பொதுப்பெயர் ஒன்றாக இருந்தாலும் அதன் உள்ளமைப்பு வேறாக இருக்கலாம் என்பதற்கு அது சான்று.

காரணத்தை அறியத் தோலின் மேல்மட்டத்தைப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரேட்டம் கார்னியம் எனப்படும் கொம்படுக்கு, உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் இரண்டு பங்கைத் தாண்டாத மெல்லிய அடுக்கு. இறந்து தட்டையான செல்களும், அவற்றுக்கிடையே நிரம்பிய செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலம் ஆகியவற்றாலான கொழுப்புப் படலங்களும் சேர்ந்ததே அது. வெளியிலிருந்து வரும் மருந்து பெரும்பாலும் இந்தக் கொழுப்பு வழியாகவே நெளிந்து நெளிந்து இறங்க வேண்டியிருக்கிறது. அடுக்கு உலர்ந்திருக்கும்போது இந்தப் பாதை இறுகியும், நீர் ஏறி ஊறியிருக்கும்போது தளர்ந்தும் இருக்கும் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், ஆயின்மென்ட்டின் வலிமைக்குரிய முதற்காரணம் எளிதில் விளங்கும்.

பீட்டாமெத்தசோன் ஆயின்மென்ட்டின் உடல் ஏறத்தாழ முழுவதும் வெள்ளை மென்பாரஃபின், அதாவது பெட்ரோலியம் ஜெல்லி. அதில் நீர் இல்லை. நீரை உள்ளே விடுவதும் இல்லை. தோலிலிருந்து ஓயாமல் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும் ஈரத்தை அது மேலே பரவித் தடுத்துவிடுகிறது. வைக்கோலைப் பரப்பி மூடாக்கு இட்ட மண் வெயிலிலும் ஈரம் காப்பதுபோல, ஆயின்மென்ட்டின் கீழ் உள்ள கொம்படுக்கு தன் ஈரத்தாலேயே ஊறி, மருந்துக்கு வழிவிடுகிறது. இந்த மூடாக்கு விளைவு எவ்வளவு வலியது என்பதற்கு, ஸ்டீராய்டைப் பூசி அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால் ஊடுருவல் பத்து மடங்கு வரை கூடக்கூடும் என்னும் மருத்துவ அனுபவமே அளவுகோல். குழந்தையின் இடுப்பில் பூசப்பட்ட மருந்தின் மேல் நெகிழிப் படலம் உள்ள டயாபர் இறுக்கமாக அமரும்போதும் இதேதான் நிகழ்கிறது. அங்கே கிரீமும் ஆயின்மென்ட்டைப்போல் நடந்துகொள்ளும் என்பதால், அத்தகைய குழந்தைக்கு மருந்து வாங்குபவரிடம் இதை எடுத்துச் சொல்லாமல் விடுவது பிழையாகும்.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது; ஆயினும் அதுவே மாற்றிக் கொடுத்தலின் பிழையை வேரோடு காட்டுகிறது. அடிப்பொருளில் கரைந்த நிலையில் உள்ள மருந்து மட்டுமே தோலுக்குள் நகர முடியும். கரையாத துகள், தோலின்மேல் கிடந்தாலும் காத்துக் கிடப்பதேயாகும். அப்படியானால் மருந்தை நன்றாகக் கரைக்கும் அடிப்பொருளே சிறந்தது என்று தோன்றும். உண்மை அவ்வளவு நேரானதன்று. ஏனெனில் ஓர் அடிப்பொருளில் மருந்து மிக எளிதாகக் கரைகிறதென்றால், அதை விட்டுத் தோலுக்குப் போக அதற்கு நாட்டமே இராது. மருந்து அந்த அடிப்பொருளில் கரையக்கூடிய எல்லைவரை கரைந்து, இனி இடமில்லை என்ற நிறைவு நிலையில் இருக்கும்போதுதான் வெளியேறும் நாட்டம் மிகுதியாக இருக்கும். இதை வெப்ப இயக்கவியலின் மொழியில் விளக்கி, அடிப்பொருளிலிருந்து மருந்து வெளிவரும் வேகத்தைக் கணக்கிடும் சமன்பாட்டை 1961-இல் டக்கெரு ஹிகுச்சி வகுத்தார். பூசுமருந்து வடிவமைப்போர் இன்றும் அதைக் கொண்டே கணக்கிடுகின்றனர். ஸ்டீராய்டு பாரஃபினில் மிகச் சிறிதளவே கரையும் என்பதால், சாதாரண ஆயின்மென்ட்டில் அது பெரும்பாலும் நுண்துகளாக மிதந்து நிற்கிறது, கரைந்திருக்கும் சிறுபகுதி நிறைவு நிலையில் இருந்து தோலை நோக்கித் தள்ளப்படுகிறது, அப்பகுதி நகர்ந்துபோனதும் துகளிலிருந்து இன்னொரு பகுதி கரைந்து அவ்விடத்தை நிரப்புகிறது. முதல் வகுப்பு ஆயின்மென்ட்டை வடிவமைத்தவர்கள், பாரஃபினோடு புரொப்பிலீன் கிளைக்கால் என்னும் கரைப்பானைச் சேர்த்து மருந்தைக் கூடுதலாகக் கரையச் செய்தனர். அக்கரைப்பான் தோலின் கொழுப்புப் பாதையையும் தளர்த்துகிறது. மருந்தில் ஒரு மில்லிகிராமும் கூட்டாமல், அடிப்பொருளை மாற்றியே ஒரு வகுப்பு மேலேற்றிய வேலை இது.

கிரீமின் அமைப்பு வேறு. எண்ணெயும் நீரும் கலவாதவை என்பதால், சீட்டோஸ்டியரைல் ஆல்கஹால் போன்ற மெழுகுத் தன்மையுள்ள பொருளையும் செட்டோமக்ரோகால் போன்ற கூட்டுப்பொருளையும் சேர்த்து, எண்ணெயை நுண்துளிகளாக நீரில் நிறுத்திவைப்பதே பெரும்பாலான கிரீம்களின் தயாரிப்பு. பூசித் தேய்த்ததும் நீர் ஆவியாகி, மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் தங்குகிறது. எனவே கிரீம் மறைந்துபோவதுபோல் தோன்றுகிறது, துணியில் ஒட்டுவதில்லை, கழுவினால் போய்விடுகிறது, மூடாக்கு விளைவும் குறைவு. நீர் இருப்பதால் நுண்ணுயிர் வளரும் என்பதற்காகக் குளோரோகிரிசால், பாராபென் போன்ற பதப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. நீரற்ற ஆயின்மென்ட்டுக்கு இவை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை என்பதால், பதப்பொருள் ஒவ்வாதவர்களுக்கு மருத்துவர் வேண்டுமென்றே ஆயின்மென்ட் எழுதியிருக்கக்கூடும். லோஷன் என்பது கிரீமைவிட நீர்த்த கலவையாகவோ, தலைமுடிக்கு உரியதாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நீரும் கலந்த கரைசலாகவோ அமைகிறது. ஜெல்லில் கார்போமர் எனப்படும் பாலிமர், நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்கூட நீரை உறையச் செய்யப் போதுமானது. நீரில் தூவப்பட்ட அளவில் சுருண்டு கிடக்கும் அதன் மூலக்கூறுகள், டிரைஎத்தனோலமைன் போன்ற காரம் சேர்ந்ததும் நீண்டு விரிந்து நீரைப் பிடித்து நிறுத்துகின்றன. அதே மூலக்கூறுகள் உப்பைத் தொட்டால் மீண்டும் சுருங்குகின்றன என்பதால், தோலில் உள்ள வியர்வை உப்பு பட்டதும் ஜெல் தன் உறைவை இழந்து நீராக இளகிப் பரவுகிறது. விரல்நுனியில் ஒரு துளியை வைத்துத் தேய்த்துப் பார்த்தால் இதை நேரிலேயே காணலாம். ஆவியாகும் நீரும் ஆல்கஹாலும் குளிர்ச்சியைத் தருகின்றன. பிளவுபட்ட தோலில் அதே ஆல்கஹால் கடுமையாக எரிகிறது.

இவ்வளவும் சொன்னபின், ஆயின்மென்ட் எப்போதும் வலியது என்று விதி செய்துகொள்வதும் தவறு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளோபெட்டசால் 0.05 விழுக்காடு ஆயின்மென்ட்டாக, கிரீமாக, ஜெல்லாக, நுரையாக எதுவாக இருப்பினும் முதல் வகுப்பிலேயே வைக்கப்பட்டிருக்கிறது, ஃபுளுவோசினோனைடு 0.05 விழுக்காட்டின் கிரீம், ஜெல், ஆயின்மென்ட் மூன்றும் இரண்டாம் வகுப்பில் ஒன்றாக நிற்கின்றன. கரைப்பானைத் திறம்படத் தேர்ந்து, ஆல்கஹால் ஆவியாகும்போது மருந்து தோலின்மேல் செறிந்து நிறைவு நிலையைத் தாண்டும்படி செய்தால், நீர்த்த ஜெல்லும் ஆயின்மென்ட்டுக்கு ஈடாகும். வடிவத்தின் பெயர் ஒரு குறிப்பு மட்டுமே, அந்தந்த மருந்துக்கு அந்தந்த வடிவத்தில் என்ன வகுப்பு என்பதைத் தனித்தனியே பார்த்தாக வேண்டும். பட்டியலைக் கடையின் மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருப்பது அதிகச் செலவில்லாத ஏற்பாடு.

ஒரே மருந்து மூவருக்கு எழுதப்பட்டதாகக் கொண்டு பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். முதலாமவருக்கு இரு முழங்கால்களிலும் தடித்துச் செதிலேறிய சொரியாசிஸ். அவருக்கு ஆயின்மென்ட் எழுதப்பட்டிருக்கிறது. விரல்நுனி அலகு என்பது, வயதுவந்தவரின் சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை குழாயிலிருந்து பிதுக்கும் மருந்து. அது ஏறத்தாழ அரை கிராம், இரு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். இவருக்கு வேளைக்கு இரண்டு அலகு, அதாவது ஒரு கிராம், நாளைக்கு இருவேளை என்றால் 20 கிராம் குழாய் பத்து நாள் வரும். தடித்த செதிலைத் தளர்த்த மூடாக்கு தேவை. இவருக்குக் கிரீமைக் கொடுத்தால், விழுக்காடு மாறாமலேயே ஒரு வகுப்பு குறைந்துவிடுகிறது, குணம் மந்தமாகிறது, மருந்து வேலை செய்யவில்லை என்று நோயாளி முடிவு கட்டுகிறார். இரண்டாமவருக்குத் தொடையிடுக்கில் நீர் கசியும் தோலழற்சி. குறுகிய காலத்துக்குக் கிரீம் எழுதப்பட்டிருக்கிறது. இடுக்குகளில் தோல் தோலோடு ஒட்டித் தானே மூடாக்காக இருக்கிறது, அங்கே கொம்படுக்கும் மெல்லியது. ஹைட்ரோகார்ட்டிசோனை உடலின் பல பகுதிகளில் பூசி உறிஞ்சலை அளந்த ஃபெல்ட்மன், மேபாக் ஆகியோரின் 1967 ஆய்வில், முன்கையோடு ஒப்பிட நெற்றி ஆறு மடங்கும் விரைப்பை நாற்பத்திரண்டு மடங்கும் உறிஞ்சின. இவருக்குக் கிரீம் இல்லையென்று ஆயின்மென்ட்டைக் கொடுத்தால், கசிவு ஆவியாக வழியின்றித் தோல் வெளுத்து ஊறிப்போகும். அதே அரை மில்லிகிராம் மருந்து பன்மடங்கு உள்ளே இறங்கி, தோல் மெலிதல், மறையாத கோடுகள் போன்ற விளைவுகளை நோக்கித் தள்ளும். மூன்றாமவருக்குத் தலையில் செதில். அவருக்கு எழுதப்பட்ட லோஷன் முடிக்கு இடையே ஒழுகிப் பரவும். ஆயின்மென்ட் அங்கே முடியில் பிசுபிசுத்துத் தோலை அடையாமல் நிற்பதோடு, முடிக்குழிகளை அடைத்துச் சிறு கொப்புளங்களை எழுப்பக்கூடும். வியர்த்துக் கொட்டும் கோடையில் பிசுபிசுப்பைத் தாங்காமல் அவர் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார். பூசப்படாத மருந்துக்கு எந்த வகுப்பும் இல்லை. முதலாமவருக்கு எழுதியது ஊடுருவல் கூட்டப்பட்ட முதல் வகுப்பு ஆயின்மென்ட்டாக இருந்தால், வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது என்னும் அமெரிக்க மருந்துக் குறிப்பின் எல்லையும் சேர்ந்துவிடுகிறது. எனவே அதையும் சாதாரண ஆயின்மென்ட்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாக அலமாரியின் ஒரே வரிசையில் அடுக்குவதே பிழைக்கு வழி.

கடையில் அடிக்கடி நடக்கும் மற்றொன்று, ஸ்டீராய்டு கிரீமை மாய்ஸ்சரைசரோடு கலந்து மென்மையாக்கித் தரும்படி கேட்பது. ஒரு பங்கு மருந்தோடு மூன்று பங்கு கலந்தால் வலிமை நான்கில் ஒன்றாகும் என்ற கணக்கு, மேலே சொன்ன காரணங்களால் பொய்த்துப்போகிறது. துகளாக மிதந்த மருந்து புதிய நீரிலும் எண்ணெயிலும் கரைந்து மீண்டும் நிறைவு நிலையை அடையக்கூடும் என்பதால் வலிமை எதிர்பார்த்த அளவு குறைவதில்லை. வேறு சேர்க்கையில் மருந்து புதிய அடிப்பொருளிலேயே தங்கிவிட்டால் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்தும் போகிறது. எந்தப் பக்கம் போகும் என்பதைக் கலப்பவரால் சொல்ல முடியாது. பதப்பொருளும் நீர்த்துப்போகிறது, கூட்டுப்பொருளின் சமநிலையும் குலைகிறது. மெல்லிய ஸ்டீராய்டு தேவையென்றால், அந்த வலிமைக்கென்றே தயாரிக்கப்பட்ட குழாயை மருத்துவர் எழுதுவதே முறை.

அடிப்பொருள் அலமாரியிலேயே கெட்டுப்போவதும் உண்டு. தகரக் கூரையின் கீழ் மதிய வெயிலில் வெந்த கடையில் கிரீமின் கூட்டமைப்பு உடைகிறது. குழாயைத் திறந்ததும் முதலில் தண்ணீரோ எண்ணெயோ தனியே ஒழுகினால், அல்லது விரலிடையே தேய்க்கும்போது மணல் போல் நெருடினால், மருந்து சீராகப் பரவி நிற்கவில்லை என்று பொருள். ஒரு வேளை பூசுவதில் மருந்தே இராது, மறுவேளையில் மிகுதியாக இருக்கும். குழாயைப் பிசைந்து கலந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புவது இங்கே உதவாது. திருப்பி எடுத்துக்கொள்வதே நேர்மை. எண்ணெயை நீரில் நிறுத்திய கிரீமா, நீரை எண்ணெயில் நிறுத்திய கிரீமா என்று ஐயம் எழுந்தால், சிறு துணுக்கை ஒரு தம்ளர் நீரில் இட்டுக் கலக்கிப் பார்க்கலாம். முன்னது பால்போல் கலந்துவிடும், பின்னது கட்டியாகவே மிதக்கும்.

இந்திய அரசு 2018-இல் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாத அட்டவணை எச்-இல் சேர்த்தபின், சீட்டில் எழுதப்பட்டதை எழுதப்பட்டபடியே தரும் பொறுப்பு மருந்தாளுநருக்கு இன்னும் கூடியிருக்கிறது. எழுதப்பட்டது என்பதில் கிரீம், ஆயின்மென்ட் என்ற இறுதிச் சொல்லும் அடங்கும். அது இருப்பில் இல்லையென்றால், மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு, மாற்றத்தைச் சீட்டிலேயே குறித்துத் தருவதற்குச் சில நிமிடங்கள் போதும். வடிவம் எழுதாமல் மருந்தின் பெயரும் விழுக்காடும் மட்டுமே உள்ள சீட்டுக்கும் இதுவே பொருந்தும். நோய் எந்த இடத்தில் என்று வாங்குபவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும், கசிவு உண்டா, தடிப்பா, முடியுள்ள இடமா என்று அறிந்து மருத்துவருக்குச் சொல்வதும் அந்த உரையாடலைச் சுருக்கிவிடும்.

இறுதியாக, மருந்து பூசப்பூசப் புண் பரவுகிறது என்று திரும்பி வருபவரிடம், ஸ்டீராய்டு ஒத்துவரவில்லை என்று சொல்லி வேறொரு ஸ்டீராய்டைக் கொடுத்துவிடுவதற்கு முன், பெட்டியின் பக்கவாட்டில் உள்ள அடிப்பொருள் விவரத்தைப் படிப்பது தேவை. புரொப்பிலீன் கிளைக்காலை அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2018-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகவே அறிவித்தது. வலிமையைக் கூட்டச் சேர்த்த அதே பொருள் சிலருக்குத் தோலழற்சியை உண்டாக்குகிறது, உடனிருக்கும் ஸ்டீராய்டோ அதை ஓரளவு அடக்கி மறைத்துவிடுவதால் நோய் தீராமலும் தெளிவாக வெளிப்படாமலும் இழுத்துக்கொண்டு போகிறது. பழைய குழாயிலும் புதிய குழாயிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒப்பிட்டு, இருந்தால் அதைச் சீட்டின் ஓரத்தில் எழுதி நோயாளியைத் தோல் மருத்துவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும்; ஒட்டுச் சோதனை செய்து உறுதிப்படுத்துவது அவருடைய வேலை.